இன்னொரு வருஷமா?

நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் 2001-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றிய பிறகு, டாக்டர் படிப்பு என்பது நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பஸ் ஏறிப் போய் வரக்கூடிய தூரத்துக்கு வந்துவிட்டது. எனினும் அந்தக் கல்லூரி வாசலில் நீட் என்னும் பரீட்சை நிற்கிறபடியால், முடிவு வெளியாகி எதிர்பார்த்த மார்க் வராதபோது, அநேக வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: ஒரு வருஷம் டிராப் எடுத்து மறுபடி எழுதுவதா, கிடைக்கிற படிப்பில் சேர்ந்துவிடுவதா? ரிப்பீட்டர் பேட்ச் நிரம்பிவிடுமே என்ற அவசரத்தில், திருவனந்தபுரத்துக்கோ பாலாவுக்கோ முன்பணம் கட்டி, பிள்ளையின் ஒரு வருஷத்தைச் சில நாட்களுக்குள் நிர்ணயித்துவிடுகிற வழக்கம் நம்மிடையே பரவியிருப்பதால், இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய விரும்புகிறோம்.

முதல் முறை தவறியதில் அவமானம் எதுவுமில்லை. நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் தமிழக அரசு அமைத்த குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர்ந்தவர்களுள் முந்திய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள், நீட் வருவதற்கு முந்திய 2016-17-இல் 12.47 சதவீதமாக இருந்து, 2020-21-இல் 71.42 சதவீதமாகப் பெருகிவிட்டார்கள். பள்ளியிலிருந்து நேரே வருகிற பதினேழு வயதுப் பிள்ளை, அதே பாடத்தை ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அதிகமாகப் படித்தவர்களோடு போட்டியிடுகிறது என்பதைப் பெற்றோர் உணர்ந்தால், வீட்டில் பாதிக் கசப்பு நீங்கிவிடும். ஆனால் இடம் பெற்றவர்களுள் பெரும்பாலோர் மறுமுறை எழுதியவர்கள் என்பதனால், மறுமுறை எழுதியவர்களுள் பெரும்பாலோர் இடம் பெற்றார்கள் என்று ஆகிவிடாது. பயிற்சி நிலையத்தின் விளம்பரப் பலகையில் வெற்றி பெற்றவர்களின் படங்கள் மட்டுமே இருக்கின்றன. சென்ற ஆண்டு ரிப்பீட்டர் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களுள் அரசு இடம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்பது தகப்பனாரின் உரிமை. அதற்கு நேரான பதில் கிடைக்காவிட்டால், அதுவே ஒரு பதில்தான்.

அடுத்தபடியாக, மார்க்கை வெறும் எண்ணாகக் கொண்டு அபிப்பிராயம் சொல்லலாகாது. 2024-இல் திருத்தப்பட்ட முடிவின்படி பதினேழு பேர் 720-க்கு 720 பெற்றார்கள். 2025-இல் பௌதிகக் கேள்விகள் மிகக் கடினமாக அமைந்துவிட, அகில இந்தியாவிலும் முதலிடம் பெற்றவரின் மார்க்கே 686-தான். ஆகவே, 'அக்கா வாங்கியதைவிடத் தம்பிக்குக் குறைவு' என்ற பேச்சுக்குப் பொருளில்லை. 'தகுதி பெற்றாயிற்று' என்ற சந்தோஷத்துக்கும் பொருளில்லை. 2025-இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மார்க் 144 மட்டுமே, அதைக்கொண்டு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காது. பார்க்கவேண்டியது, மாநிலத் தரவரிசைப் பட்டியலில் பிள்ளையின் வகுப்புக்கான இடமும், அதே ஆண்டுக் கலந்தாய்வில் அவ்வகுப்புக்குரிய கடைசி அரசு இடம் எந்த மார்க்கில் முடிந்தது என்பதுமாம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளையானால், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அந்தப் பிள்ளை ஒப்பிட வேண்டியது அந்தப் பட்டியலோடுதான்.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது விடைத்தாள். பரீட்சையை நடத்தும் தேசிய முகமை, ஒவ்வொருவருடைய ஓ.எம்.ஆர். தாளின் பிரதியையும் விடைக்குறிப்பையும் தன் இணையதளத்தில் சில நாட்கள் வைத்திருக்கிறது. அவற்றை இறக்கி வைத்துக்கொண்டு, கேள்வித்தாளோடு பிள்ளையே உட்கார்ந்து பார்க்கவேண்டும். உதாரணமாக, 372 மார்க் பெற்ற ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 180 கேள்விகளில் சரியானவை 105, தவறானவை 48, விட்டவை 27. சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்ற கணக்கில் 420-லிருந்து 48 போக மீதி 372. உயிரியலின் 90 கேள்விகளில் 14 தவறு. அவற்றுள் எட்டு, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரிகளைச் சிரத்தையின்றிப் படித்ததால் வந்தவை. ஒரு தவறு சரியானால் கிடைப்பது நான்கு அல்ல, ஐந்து மார்க், எட்டுக்கு நாற்பது. பௌதிகத்திலோ 45-க்குச் சரி 14 மட்டுமே, 20 தவறு, 11 விட்டவை. அந்த 31 கேள்விகளில் பெரும்பான்மையானவை, பள்ளியில் ஓட்டமாக முடிக்கப்பட்ட பதினோராம் வகுப்பு இயக்கவியலிலும், தன் கையால் ஒரு கணக்கும் போட்டுப் பாராத மின்னியலிலும் இருந்து வந்தவை என்று அவள் கண்டுகொள்கிறாள். அவற்றுள் தவறிய எட்டும் விட்ட நான்கும் சரியானால் இன்னும் 56. ஆக 468. சென்ற கலந்தாய்வில் அவள் வகுப்புக்குரிய கடைசி அரசு இடம் அந்த மார்க்குக்குள் இருந்திருந்தால், அந்த ஒரு வருஷம் நியாயமான வருஷம்.

இவளுக்கு நேர்மாறான ஒரு மாணவனையும் நினைத்துப் பார்க்கவேண்டும். எல்லாப் பாடங்களையும் இரண்டு தடவை முடித்து, வாரந்தோறும் மாதிரித் தேர்வு எழுதி, கடைசி மூன்று மாதமும் 370-க்கும் 390-க்கும் நடுவிலேயே நின்று, பரீட்சையிலும் அதே மார்க்கைப் பெற்றவன் அவன். மார்க் இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அவளுக்குப் படிக்காத பாடம் மிச்சம் இருக்கிறது, இவனுக்கோ அதே புத்தகத்தை மூன்றாம் தடவை திருப்புவதைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. கன்னிப்பூ பொய்த்துவிட்டால், தண்ணீர் வராததாலா, விதை கெட்டதாலா, பூச்சி விழுந்ததாலா என்று பார்த்துவிட்டுத்தான் நம் விவசாயி கும்பப்பூவுக்கு வயலை உழுகிறார். பிள்ளையின் ஒரு வருஷத்துக்கும் அவ்வளவு விசாரணையாவது அவசியம் என்பது நம் அபிப்பிராயம். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 480 எடுத்துவந்தவன், பரீட்சையன்று காய்ச்சலாலோ நேரம் போதாமலோ 370-க்கு இறங்கினான் என்றால் அது வேறு சங்கதி. அவனுக்கு மறுமுறை எழுதச் சொல்லத் தயக்கமே வேண்டாம்.

கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்துகொண்டே நீட்டுக்கும் படிப்பது என்ற நடுவழியை அநேகர் தேர்ந்தெடுக்கிறார்கள். செமஸ்டர் பரீட்சையும் ஆய்வகமும் வருகைப்பதிவும் சேர்ந்து, பௌதிகத்துக்கு வேண்டிய அந்த நீண்ட காலை நேரங்களை எடுத்துக்கொண்டுவிடுவதால், உயிரியலில் சில மார்க் கூடவேண்டிய பிள்ளைக்கன்றி மற்றவர்களுக்கு இது அனுகூலப்படுவது அரிது. இடையில் விலகுவதானால் மாற்றுச் சான்றிதழை எப்போது, எந்த நிபந்தனையில் திரும்பத் தருவார்கள் என்பதையும் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பரீட்சையை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எழுத முடியாது. நீட்டுக்கு அத்தகைய வரம்பும் இல்லை, மேல் வயது வரம்பும் இல்லை. இதைச் சலுகை என்று எண்ணி, ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, இருபத்தொரு வயதில் பிளஸ் டூ சான்றிதழ் ஒன்றே கையில் இருக்கிற பிள்ளைகளை நம் ஜில்லாவிலேயே காண்கிறோம். சட்டம் வைக்காத எல்லையை, முதல் டிராப் தொடங்குகிற நாளிலேயே, பிள்ளையின் சம்மதத்தோடு குடும்பம்தான் வைக்கவேண்டும். அன்றைக்கே, தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கைக்கொண்டு இடம் தரப்படுகிற கால்நடை மருத்துவம், விவசாயம், நர்சிங் ஆகியவற்றுக்கு அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கும் தகுதி பிள்ளைக்கு இருக்குமா என்பதை அந்தந்தக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, டிசம்பர் மாதத்துக்குள் மாதிரித் தேர்வின் பௌதிக மார்க் எவ்வளவு உயர்ந்திருக்கவேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.