லாட்டரிக்கு உண்டு, உழைப்புக்கு இல்லை

முன்கூட்டு வரியை ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுமையாகச் செலுத்த வேண்டும் என்பது விதி. மாதச் சம்பளம் போலச் சீராக வரும் வருமானத்தையே அது எண்ணியுள்ளது.

கல்யாணில் வாழும் தனித்தொழில் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு டிசம்பர் வரை சொற்ப வருமானமே. பிப்ரவரியில்தான் பெருந்தொகை வருகிறது. பிடித்தம் போக அவரது ஆண்டு வரி 80,000 ரூபாய் எனக் கொள்க. முழுவதையும் மார்ச் 15-க்குள் செலுத்தினாலும், முதல் மூன்று தவணைகளில் முறையே 12,000, 36,000, 60,000 ரூபாய் குறைந்ததாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் மாதம் 1% வீதம் மூன்று மாத வட்டி விதிக்கப்படும். மொத்தம் 3,240 ரூபாய். ஈட்டாத பணத்துக்கான வட்டி இது.

லாட்டரிப் பரிசோ மூலதன ஆதாயமோ தாமதமாக வந்தால், எஞ்சிய தவணைகளில் செலுத்தினால் போதும், வட்டி இல்லை. தொழிலைத் தொடர்ந்து நடத்துபவரின் ஊதியத்துக்கு அவ்விலக்கு இல்லை. இது நியாயமன்று. அமெரிக்காவில் அந்தந்தக் காலம்வரை ஈட்டியதைக் கொண்டே தவணையைக் கணக்கிட வழியுண்டு. இங்கும் அது வேண்டும்.

அதுவரை, பெற்ற ஊதியத்தோடு உறுதியான ஒப்பந்தங்களையும் கூட்டி ஒவ்வொரு தவணைக்கும் மறுமதிப்பீடு செய்வதே தற்காப்பு. ஜூனில் 12%, செப்டம்பரில் 36% செலுத்தியிருந்தாலே வட்டியில்லை. டிசம்பரில் அத்தளர்வு கிடையாது.