ஆயிரம் டோக்கன், எத்தனை ஸ்வீட் பாக்ஸ்?

தீபாவளி நேரம். காந்திபுரம் கிராஸ் கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை 1 முதல் 1000 வரை டோக்கன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டோக்கன் எண் 4 ஆல் வகுபட்டால் கர்ச்சீப், 6 ஆல் வகுபட்டால் டம்ளர், 10 ஆல் வகுபட்டால் துண்டு. எதிலும் வராதவருக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். எத்தனை பாக்ஸ் ஆர்டர் கொடுப்பது?

முதலில் பரிசு பெறுபவர்களை எண்ணுவோம். 1000ஐ 4 ஆல் வகுத்தால் 250. 6 ஆல் வகுத்தால் 166 சொச்சம். சொச்சத்தை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் 167வது மடங்கு 1002 ஆகிவிடும். 10 ஆல் வகுத்தால் 100. மொத்தம் 516.

ஆனால் 12ஆம் டோக்கன்காரரைப் பாருங்கள். 4லும் வருகிறார், 6லும் வருகிறார். ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிட்டோம். இப்படி இரட்டிப்பாக வந்தவர்களைக் கழிக்க வேண்டும். 4க்கும் 6க்கும் பொதுவானவை 12இன் மடங்குகள்: 83. 4க்கும் 10க்கும் 20இன் மடங்குகள்: 50. 6க்கும் 10க்கும் 30இன் மடங்குகள்: 33. ஆக 166 கழிகிறது.

இப்போது 60ஆம் டோக்கன்காரருக்கு வேறு சிக்கல். மூன்று பட்டியலிலும் இருந்ததால் மூன்று முறை எண்ணினோம். மூன்று ஜோடியிலும் இருந்ததால் மூன்று முறை கழித்தோம். அவர் கணக்கிலேயே இல்லாமல் போய்விட்டார்! அதனால் 60இன் மடங்குகளான 16 பேரையும் ஒருமுறை திரும்பச் சேர்க்கிறோம்.

516 − 166 + 16 = 366. இவர்களுக்குப் பரிசு உண்டு. மீதி 1000 − 366 = 634 பேருக்கு ஸ்வீட் பாக்ஸ்.

பலர் சறுக்குவது ஜோடிகளில்தான். 4க்கும் 6க்கும் பொதுவானது என்றதும் இரண்டையும் பெருக்கி 24 என்று போட்டுவிடுவார்கள். அப்போது 12, 36 போன்ற டோக்கன்கள் இரண்டு முறை எண்ணப்பட்டபடியே நின்றுவிடும். எல்லா ஜோடிகளையும் மூன்று எண்களையும் இப்படியே பெருக்கினால் விடை 562. அதை நம்பி ஆர்டர் கொடுத்தால் 72 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். எடுக்க வேண்டியது பெருக்குத்தொகை அல்ல, மீச்சிறு பொது மடங்கு. 3, 5, 7 போலப் பொதுக் காரணி இல்லாத எண்களுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகவே வரும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. 1 முதல் 60 வரை எழுதி, 4, 6, 10இன் மடங்குகளை அடித்துவிடுங்கள். 38 எண்கள் மிஞ்சும். 60க்குப் பிறகு இதே வரிசைதான் திரும்பத் திரும்ப வரும். 960 வரை 16 சுற்று: 608. கடைசி 40 எண்கள் 1 முதல் 40 வரை உள்ளவை போலவே. அதில் மிஞ்சுவது 26. கூட்டினால் அதே 634.