சிப்பந்திகளின் குறையும் சங்கத்தின் கெடுவும்

கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத்தொகை செலுத்திய ஒவ்வொருவரும் அச்சங்கத்தின் உடைமையாளர் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. நூல் பட்டுவாடாவில் குறை நேர்ந்தாலும், நிலக்கடலைக்கு எடை குறைந்தாலும், அங்கத்தினர் நிர்வாகக் குழுவிடம் முறையிடலாம். அங்கே தீராவிடில் பொதுச்சபையில் எழுந்து கேட்கலாம். ஆனால் அதே சங்கத்தில் மாதச் சம்பளம் பெறும் விற்பனையாளருக்கும், கிடங்கின் எடையாளருக்கும், சாயப்பட்டறைத் தொழிலாளிக்கும் பொதுச்சபையில் இடமில்லை. அவர்களுக்கு ஒரு குறை நேர்ந்தால் யாரிடம் செல்வது, எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்பது பல சங்கங்களில் எழுத்தில் இல்லை. அவர்களை வேலைக்கு அமர்த்தியவர்கள் நாம். ஆகவே இது நம்முடைய பொறுப்பாகும்.

இதற்கென்று ஒரு முறையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1958-ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 16-ஆவது அமர்வு நைனிதாலில் கூடி, தொழில் ஒழுங்கு நெறி ஒன்றை ஏற்றது. அதையொட்டி அவ்வாண்டிலேயே மாதிரிக் குறைதீர்வு முறை ஒன்றும் வகுக்கப்பட்டது. அதன் படிகள் எளியவை. தொழிலாளி முதலில் தம் பகுதிக்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் குறையைச் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்திற்குள் பதில் வர வேண்டும். அது திருப்தி தராவிடில் இலாகாத் தலைவரிடம் செல்லலாம். அவருக்குக் கெடு 3 நாள். அதன் பின்னர் இரு தரப்பாரும் அமர்ந்த குறைதீர்வுக் குழு 7 நாளில் தன் பரிந்துரையை மேலாளருக்கு அனுப்ப வேண்டும்; மேலாளர் 3 நாளில் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இந்நாட்களில் விடுமுறை நாட்கள் கணக்கில் சேரா. அதற்கு மேலும் மனக்குறை இருப்பின் நிர்வாகத்திற்கு அப்பீல் உண்டு; இறுதியில் இரு தரப்பும் இசைந்த நடுவர் தீர்ப்பும் உண்டு.

2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக இம்முறையின் சாரம் தொழில் தகராறு சட்டத்தில் இடம்பெற்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும், 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் குறைதீர்வுக் குழு கட்டாயம் என்கிறது. இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில், மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல் குழு அமைய வேண்டும். தலைமை ஆண்டுதோறும் தரப்பு மாற வேண்டும். மனு பெற்ற 30 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். நமது சங்கங்களில் பெரும்பாலானவை இருபது பேரை எட்டாதவை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்ற காரணத்தால் அவை வாளாவிருப்பது முறையன்று என்பதே நம் கருத்து. அதற்கான காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

ஒரு நெசவாளர் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் தீபாவளித் தள்ளுபடி விற்பனை முடிந்து சரக்கிருப்புச் சரிபார்க்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். 14 சேலைகள் குறைகின்றன. சேலை ஒன்று 850 ரூபாய் வீதம் 11,900 ரூபாய். காரியதரிசி அத்தொகையை விற்பனையாளரின் சம்பளத்தில் மாதம் 1,700 ரூபாயாக ஏழு தவணைகளில் பிடிக்க உத்தரவிடுகிறார். விற்பனையாளரோ, அவற்றில் 9 சேலைகள் கண்காட்சிக் கடைக்கு எடுத்துச் செல்லப்பட்டவை என்றும், அனுப்புச் சீட்டு போட்டும் நிலையத்தின் இருப்புப் பதிவேட்டில் கழிக்கப்படவில்லை என்றும் கூறுகிறார்.

முறை ஏதும் இல்லாத சங்கத்தில் அவர் என்ன செய்வார்? காரியதரிசியிடம் வாய்மொழியாகச் சொல்வார். “பார்க்கலாம்” என்பது பதிலாக வரும். அடுத்த மாதம் மீண்டும் சொல்வார். “பரிசீலனையில் இருக்கிறது” என்று கேட்பார். இதற்குள் இரு தவணைகள் பிடிக்கப்பட்டிருக்கும். கண்காட்சிக்கென்று தற்காலிகமாக வைத்த ஆட்கள் பிரிந்து போயிருப்பர். சீட்டுப் புத்தகம் தணிக்கைக்காகக் கட்டுக்குள் போயிருக்கும். நான்காம் மாதத்தில் உண்மையை அறிய வேண்டுமென்று எவரேனும் உளமார விரும்பினாலும், அறிவதற்கான சான்று கையில் இராது. கெடு என்பது மனுதாரரின் பொறுமைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. சான்று கலையாதிருக்கவே அது முதன்மையாக வேண்டும்.

இனி, முறையுள்ள சங்கத்தில் அதே விஷயம் எவ்வாறு செல்லும் என்று பார்ப்போம். திங்கட்கிழமை அவர் எழுத்தில் மனுக் கொடுக்கிறார். எண்ணும் தேதியும் இட்ட ரசீது பெறுகிறார். கெடு அந்த ரசீதிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. விற்பனை நிலைய மேலாளர் புதன்கிழமைக்குள், உத்தரவை மாற்றும் அதிகாரம் தமக்கில்லை என்று எழுதித் தருகிறார். இதுவும் ஒரு பதிலே. ஏனெனில் அடுத்த படிக்குக் கதவு திறந்துவிட்டது. இரண்டாம் படி காரியதரிசியிடம் செல்ல வேண்டும். ஆனால் பிடித்த உத்தரவு அவருடையது; அனுப்புச் சீட்டைப் பதியாத தவறும் அவர் அலுவலகத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். தம் மீதான குறையைத் தாமே விசாரிப்பதை எந்தச் சங்கமும் அனுமதிக்கலாகாது. எவர் மீது குறை கூறப்பட்டதோ அவருடைய படியைத் தாண்டி மனு நேரே குழுவுக்குச் செல்லும் என்றும், அவர் குழுவில் அமரமாட்டார் என்றும் விதி இருத்தல் வேண்டும். இந்த ஒரு விதி இல்லாத முறை, எத்தனை படிகள் கொண்டதாயினும் பயனற்றது.

குழு 7 நாளில் செய்ய வேண்டியது சிறிய வேலையே. அனுப்புச் சீட்டின் அடிக்கட்டையையும், கண்காட்சிக் கடையின் வரவுப் பதிவேட்டையும், நிலையத்தின் இருப்புப் பதிவேட்டையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தால் போதும். 9 சேலைகளுக்குச் சீட்டும் வரவும் பொருந்தின என்று கொள்வோம். அப்போது 7,650 ரூபாய்க்கான பிடித்தம் தவறு. எஞ்சிய 5 சேலைகளுக்கு, அதாவது 4,250 ரூபாய்க்கு, விற்பனையாளரிடம் முதலில் விளக்கம் கேட்க வேண்டும். ஒப்படைத்த பொருளின் இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்குமுன் காரணம் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே இருந்த விதி. இப்போதைய ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அது தொடர்கிறது. குழுவின் பரிந்துரை நிர்வாகக் குழுவுக்குப் போய், மேலும் 3 நாளில் முடிவு எழுத்தில் வருகிறது. முதல் தவணை பிடிப்பதற்குள் விஷயம் பைசலாகிவிடுகிறது. இதில் சங்கத்திற்கு இழப்பு ஏதுமில்லை என்பதையும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். உண்மையில் குறைந்தவை ஐந்து சேலைகள் என்பதும், கண்காட்சிக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்பதும் இதனால்தான் நமக்குத் தெரியவந்தன.

கெடு தவறினால் என்ன ஆகும் என்பதையும் விதி சொல்ல வேண்டும். கெடுவுக்குள் பதில் வராவிடில் அதை மறுப்பாகக் கொண்டு மனுதாரர் அடுத்த படிக்குச் செல்லலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டால், “பரிசீலனையில் இருக்கிறது” என்ற பதிலுக்கு மதிப்பில்லாமற் போகும். சிப்பந்திக்கும் கடமை உண்டு. மேலதிகாரியின் உத்தரவு ஒன்றால் குறை எழுந்தால், உத்தரவை நிறைவேற்றிய பின்னரே முறையிட வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டு முறை கூறுகிறது. உத்தரவுக்கும் அதை நிறைவேற்றுவதற்கும் இடையே காலம் இருந்தால் மட்டும் முன்னதாகவே முறையிடலாம். எடையாளர் ஒருவர் வேறு கிடங்குக்கு மாற்றப்பட்டால், மனுவைக் காட்டி வேலைக்கு வராமல் இருக்க முடியாது.

அடுத்தது அந்தரங்கம். நமது ஊர்களில் இதுவே கடினமான பகுதி. சரக்கு குறைந்தது என்ற பேச்சு நூல் வாங்கும் வரிசையில் காலையில் எழுந்தால், மாலைக்குள் அம்மனிதர் திருடர் ஆகிவிடுகிறார். பின்னர் வரும் தீர்ப்பு அப்பெயரைத் துடைப்பதில்லை. ஆகவே மனுப் பதிவேடு கல்லாவின் அருகே திறந்து கிடக்கலாகாது. அது ஒருவர் பொறுப்பில் பூட்டிய பெட்டியில் இருத்தல் வேண்டும். குழுவினர் கேட்டதை வெளியிடமாட்டோம் என்று கையொப்பமிட வேண்டும். அங்கத்தினர்களாகிய நாமும் “யார் அந்த ஆள்?” என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். ஆண்டறிக்கையில் வந்த மனுக்கள் எத்தனை, கெடுவுக்குள் தீர்ந்தவை எத்தனை, கடந்தவை எத்தனை என்ற எண்களே நமக்குப் போதுமானவை.

ஆனால் அந்தரங்கத்திற்கு எல்லை உண்டு. குறை கூறப்பட்டவருக்கு அதன் சாரத்தைத் தெரிவிக்காமல் விசாரிப்பது நியாயமாகாது. மனுதாரருக்கு முடிவின் நகலை “இரகசியம்” என்று மறுப்பதும் தகாது. விசாரணையில் கையாடல் வெளிப்பட்டால் அதைப் பெட்டிக்குள் மறைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆகவே முழு இரகசியம் காப்போம் என்று மனுதாரருக்கு வாக்களிக்கலாகாது; யார் யார் அறிவார்கள் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுவது நேர்மை.

பெண் சிப்பந்திகள் பாலியல் துன்புறுத்தல் பற்றித் தரும் புகாரை மட்டும் இந்தப் படிகளில் ஏற்றவே கூடாது. முதற்படியில் அமர்ந்திருப்பவரே குற்றம் சாட்டப்பட்டவராக இருக்கக்கூடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் இதற்கெனத் தனி உள்ளகக் குழு வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களின் புகார்கள் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குச் செல்லும். சம்பவம் நடந்த 3 மாதத்திற்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக்குக் கெடு 90 நாள். புகாரின் விவரத்தையும் பெண்ணின் அடையாளத்தையும் வெளியிடுவதை அச்சட்டம் தடை செய்கிறது.

முறை வைத்தால் மனுக்கள் பெருகும் என்று சில நிர்வாகிகள் அஞ்சுவர். முதல் ஆண்டில் பெருகவே செய்யும். முன்பு தேநீர்க் கடையில் பேசப்பட்டவை இப்போது பதிவேட்டுக்கு வருகின்றன என்பதே அதன் பொருள். நாம் ஐயுற வேண்டியது வேறு பதிவேட்டை. பல சிப்பந்திகள் உள்ள சங்கத்தில் மூன்றாண்டுகளாக ஒரு மனுவும் இல்லையென்றாலும், எல்லா மனுக்களும் தணிக்கைக்கு முந்திய ஒரே தேதியில் ஒரே மையில் முடிக்கப்பட்டிருந்தாலும், அங்கே முறை காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று கொள்ளலாம்.

நான்கைந்து சிப்பந்திகளே உள்ள சிறு சங்கத்திற்கு இரு படிகள் போதும். காரியதரிசிக்கு 3 நாள். அதன் பின்னர் நிர்வாகக் குழுவிலிருந்து இருவரும் சிப்பந்திகள் தேர்ந்தெடுத்த இருவரும் அமர்ந்த குழுவுக்கு 7 நாள். தேதியிட்ட ரசீது, குறை கூறப்பட்டவர் விசாரணையில் அமராமை, கெடு தவறினால் மேற்படி, பூட்டிய பெட்டி ஆகிய நான்கும் எழுத்தில் இருந்தால் முறை நிற்கும். அடுத்த பொதுச்சபையின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் தத்தம் நிர்வாகக் குழுவுக்கு எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.