எந்தப் பக்கம் போனாலும் லாபமா?

"தேர்தல் முடிவுக்கு முன் ஸ்ட்ராடில் வாங்கிவிடு, ஏறினாலும் இறங்கினாலும் லாபம்" என்கிறார் நண்பர். சாட்சிக்கு 2024 ஜூன் 4-ஐ இழுக்கிறார். அன்று நிஃப்டி ஏறத்தாழ 6 சதவீதம் சரிந்தது உண்மைதான். ஆனால் நகர்ந்தால் போதாது, கொடுத்த விலையைத் தாண்டி நகர வேண்டும்.

நிஃப்டி 24,000-இல் நிற்கிறது என்று வைப்போம். அதே விலையில் ஒரு கால், ஒரு புட், இரண்டும் சேர்ந்து 400 ரூபாய். காலக்கெடு நாளில் குறியீடு 24,250-இல் முடிகிறது. கால் தருவது 250, புட் பூஜ்யம், நஷ்டம் 150. லாபம் பார்க்க 24,400-க்கு மேலோ 23,600-க்குக் கீழோ போயிருக்க வேண்டும். அந்த 400-லேயே ஊரார் பதற்றமும் விலையாகச் சேர்ந்திருக்கிறது. முடிவு வெளியானதும் அது வடிந்துவிடும். அதனால், காலக்கெடுவுக்கு முன்பே விற்று வெளியேறினாலும் அடி விழலாம்.

"அப்படியானால் அயர்ன் காண்டர் போடு, அமைதி என்றால் மாதச் சம்பளம்" என்பது அவருடைய அடுத்த வாதம். 24,400 காலையும் 23,600 புட்டையும் விற்று, காப்புக்கு 24,600 காலையும் 23,400 புட்டையும் வாங்கினால் கையில் நிற்பது 60 ரூபாய் என்று வைப்போம். குறியீடு நடுவிலேயே முடிந்தால் அது முழுதும் நமது. இறக்கைகளைத் தாண்டினால் 200-இல் 60 போக 140 நஷ்டம். இந்த இரண்டே முடிவுகள் என்றால், பத்துக்கு ஏழு முறை ஜெயித்தால்தான் கைக்காசு தப்பும், தரகும் வரியும் தனி. சம்பளத்தில் இப்படிப் பிடித்தம் யாருக்கு இருக்கிறது?