அறுவைச் சிகிச்சைக்கு ஒரு விலை, ஆண்டு முழுவதற்கும் வேறொரு விலை

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தார் முதலில் கேட்கும் கேள்வி, "பேக்கேஜ் எவ்வளவு?" என்பதாகும். இரண்டு மூன்று மருத்துவமனைகளில் கேட்டு, குறைந்த தொகை சொன்ன இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். "பேக்கேஜ்" என்ற சொல் முழுமையைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது குறிப்பது அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம், சில நாள் அறை வாடகை ஆகியவற்றை மட்டுமே. அதற்குப் பின் வரும் மாதங்கள் அச்சொல்லுக்குள் இல்லை. செலவின் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் இருக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டுவது ஹெர்-2 பாசிட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய். இவ்வகைக்கு வழக்கமான கீமோதெரபியோடு டிராஸ்டுசுமாப் என்ற மருந்தும் தரப்படுகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டுக்கு, ஏறத்தாழ 18 தவணைகள். முதல் தவணைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம், அடுத்தவற்றுக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம். அறுவையிலும் அறையிலும் கையிருப்பைக் கரைத்துவிட்டு இம்மருந்தைப் பாதியில் நிறுத்த நேர்வதே இக்கணக்கில் நிகழக்கூடிய மிகப் பெரிய இழப்பு.

அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்வோம். முதல் தவணைக்கு 480 மில்லிகிராம், பிறகு ஒவ்வொன்றுக்கும் 360. இந்தியச் சந்தையில் இம்மருந்து 440 மில்லிகிராம் குப்பியாகவும் 150 மில்லிகிராம் குப்பியாகவும் வருகிறது. 440 குப்பியில் 360 எடுத்தால் 80 மிஞ்சும். அது குப்பைக்குப் போகிறதா, அடுத்த தவணைக்கு வைக்கப்படுகிறதா என்பதே முதல் கேள்வி. பாதுகாப்புப் பொருள் கலந்த நீரில் கரைக்கப்படும் 440 குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் 28 நாள் வரை வைத்திருக்கலாம். அடுத்த தவணை 21ஆம் நாளே வந்துவிடுகிறது. 150 குப்பிக்கு இந்த வசதி இல்லை, அது ஒருமுறைக்கே உரியது. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது தவறு. மருத்துவமனை மருந்தகமே நோயாளியின் பெயரும் கரைத்த தேதியும் எழுதிய சீட்டுடன் அதை வைத்திருக்க வேண்டும். மிச்சத்தைத் தவணைக்குத் தவணை முறையாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 16 குப்பிகள் போதும். ஒவ்வொரு முறையும் எறிந்தால் 19 தேவைப்படும்.

இப்போது இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடலாம். கீழுள்ள விலைகள் கணக்குக்காகக் கொண்டவை. மெய்யான விலைகள் ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறும். முதல் மருத்துவமனையின் அறுவை பேக்கேஜ் 1,60,000 ரூபாய், இரண்டாவதில் 2,10,000. முதலாவது 50,000 ரூபாய் மலிவு. ஆனால் அங்கே மருந்தைத் தங்கள் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும், குப்பி 30,000 ரூபாய், மிச்சத்தை வைத்திருக்கும் வழக்கம் இல்லை. 19 குப்பிகளுக்கு 5,70,000. இரண்டாவதில் 20,000 ரூபாய் விலையுள்ள பயோசிமிலர் கிடைக்கிறது, மிச்சத்தையும் பாதுகாக்கிறார்கள். 16 குப்பிகளுக்கு 3,20,000. ஐம்பதாயிரம் மலிவான இடம் இரண்டரை லட்சம் கூடுதலாகக் கேட்கிறது.

பயோசிமிலர் என்பதை "ஜெனரிக்" என்று அழைப்பது வழக்கமாகிவிட்டாலும் இரண்டும் ஒன்றல்ல. லெட்ரோசோல், கேப்சிடபின் போன்ற மாத்திரைகளின் மூலக்கூறு சிறியது, அதை அப்படியே படியெடுக்கலாம், அது ஜெனரிக். டிராஸ்டுசுமாப் உயிரணுக்களில் வளர்த்தெடுக்கப்படும் புரதம். அதன் இணைமருந்து, மூலமருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே அனுமதி பெறுகிறது. பெங்களூரின் பயோகான் நிறுவனத்தின் டிராஸ்டுசுமாபுக்கு 2013இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2017 டிசம்பரில் அதை ஏற்றது. மலிவு என்பதனாலேயே ஐயுற வேண்டியதில்லை. ஐயுற வேண்டியது பெயரின் வாலைத்தான். டிராஸ்டுசுமாப் எம்டான்சின், டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்பவை வேறு மருந்துகள். அளவு வேறு, விலை வேறு, ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றைத் தரவும் கூடாது. இக்குழப்பம் அஞ்சத்தக்கது என்பதாலேயே அமெரிக்காவில் எம்டான்சின் வகையின் பெயருக்கு முன் "ஆடோ" என்ற ஒட்டைச் சேர்த்தார்கள். விலைப்பட்டியலை ஒப்பிடுவோர் முதல் சொல்லோடு நிறுத்திவிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

காப்பீட்டுக்கு வருவோம். அப்பெண்மணிக்கு ஐந்து லட்சம் ரூபாய் பாலிசி இருக்கிறது, அறுவையும் கீமோவும் அதற்குள் அடங்கிவிடுகின்றன என்று கொள்வோம். அப்படியானால் முதல் மருத்துவமனையில் மிச்சமான 50,000 யாருடைய பணம்? காப்பீட்டு நிறுவனத்தினுடையது. குடும்பத்தின் கைப்பணம் வேறோர் உட்பிரிவில் கரைகிறது. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி உள்ளிட்ட நவீன சிகிச்சைகளை முற்றாக விலக்கக் கூடாது என்றது. ஆயினும் அவற்றுக்கு உள்வரம்பு வைக்க இடமளித்தது. டிராஸ்டுசுமாப் அவ்வகை ஊசிதான். ஐந்து லட்சப் பாலிசிக்குள் இதற்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் என்ற வரி எங்கோ ஒரு பக்கத்தில் ஒளிந்திருக்கலாம்.

வரம்பு பாலிசி ஆண்டுக்கு உரியது, நாட்காட்டி ஆண்டுக்கு அன்று. பாலிசி அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது, மருந்து ஆகஸ்ட் 1 அன்று தொடங்குகிறது எனில், மூன்று தவணைகள் பழைய ஆண்டிலும் பதினைந்து புதிய ஆண்டிலும் விழும். இரண்டு ஆண்டுகளின் வரம்பும் கிடைக்கும். இரண்டாவது மருத்துவமனையில் முதல் மூன்று தவணைகளுக்கு 3 குப்பிகள், 60,000 ரூபாய். அது முழுதும் வரம்புக்குள். எஞ்சிய 13 குப்பிகளுக்கு 2,60,000. அதில் ஒரு லட்சம் போக 1,60,000 கையிலிருந்து. முதல் மருத்துவமனையில் இதே கணக்கு 3,70,000 ரூபாயில் முடிகிறது. (வரம்புக்காக மருந்தைத் தள்ளிப்போட நினைப்பது பேதைமை. தேதியை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்.) கோரிக்கை பெற்றதைக் காரணம் காட்டி நிறுவனம் புதுப்பிக்க மறுக்க முடியாது. ஆனால் குடும்பம் நோயின் பரபரப்பில் பிரீமியத் தேதியை மறந்தால் இரண்டாவது ஆண்டே இல்லாமற்போகும்.

அறை வாடகை வரம்பு இன்னொரு பொறி. நாளுக்கு 5,000 வரம்பிருக்க 8,000 ரூபாய் அறையில் தங்கினால், மூவாயிரம் மட்டும் குறைவதில்லை; மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். 2020ஆம் ஆண்டின் விதிகள் மருந்து, பரிசோதனை ஆகியவற்றை இவ்வெட்டிலிருந்து விலக்கின. ஒப்புதல் கடிதத்தில் அவையும் வெட்டப்பட்டிருந்தால் எழுத்தில் மறுப்பது நியாயம்.

அச்சிட்ட உச்சவிலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை அரசே அறியும். 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்துக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு விதித்தது அதனால்தான். அரசு மருத்துவமனை வளாகங்களில் உள்ள அம்ரித் மருந்தகங்கள் புற்றுநோய் மருந்துகளைத் தள்ளுபடியில் விற்கின்றன. குப்பி விலையை அங்கேயும் ஒருமுறை விசாரிக்கலாம். குளிர்ச்சங்கிலி அறுபடும் என்று சொல்லி வெளிமருந்தை மறுக்கும் மருத்துவமனைகள் உண்டு. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் அதே மருத்துவமனை தன் குப்பிக்கு வெளிவிலையைத் தருமா என்று கேட்டால், சில வேளைகளில் தருகிறது.

மதிப்பீட்டுத் தாளில் மருந்தின் முழுப்பெயர், தவணைக்கு எத்தனை மில்லிகிராம், ஆண்டுக்கு எத்தனை குப்பிகள், மிச்சம் என்னவாகும், இதயத்தைக் கண்காணிக்க மூன்று மாதத்துக்கொருமுறை எடுக்கும் எக்கோவின் கட்டணம் என ஐந்து வரிகள் எழுத மருத்துவமனைக்குப் பத்து நிமிடம் போதும். நோயாளியின் எடை தெரிந்த அன்றே அவை அனைத்தையும் கணக்கிட்டுவிடலாம். அவற்றை எழுதாமல் "பேக்கேஜ்" என்று ஒரே தொகையைச் சொல்லும் தாளை ஏற்று முன்பணம் கட்டுவதற்கு முன், அந்த ஐந்து வரிகளையும் எழுதித் தருமாறு கேட்பது நோயாளியின் உரிமை.