குறைவது வரியால் அல்ல

ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 4,20,000 ரூபாய் பேக்கேஜ் என்று இருக்கிறது. வீட்டில் அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 35,000 என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முதல் மாதம் வங்கிக் கணக்கில் 26,000 விழுகிறது. மீதி 9,000 எங்கே என்று கேட்டால் சித்தூரிலும் திருப்பதியிலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் ஒரே பதில்தான் வருகிறது: “கவர்மெண்ட் வரியாகப் பிடித்துக்கொண்டது.”

இந்த நம்பிக்கை தவறு என்பதோடு நான் நிறுத்த மாட்டேன். இது இளைஞர்களின் பணத்தைக் கரைக்கிற நம்பிக்கை. மேலே சொன்ன 9,000 ரூபாயில் வரியாக அரசுக்குப் போவது 200 ரூபாய் மட்டும். மற்றதெல்லாம் எங்கே போகிறது என்பது ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்திலேயே, சம்பளப் பிரிவினை என்ற அட்டவணையில் இருக்கிறது. அதைப் படிக்காமல் வரியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நம்பிக்கை வந்த வழி புரியாததல்ல. இந்த ஊர்களில் பெரியவர்களுக்குத் தெரிந்த நிலையான வேலை பெரும்பாலும் பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், ஆர்டிசி, தேவஸ்தானம். அங்கே சம்பளம் என்றால் பேசிக், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அதிலிருந்து சேமநிதி, காப்பீடு, வருமான வரி கழியும். பிடித்தத்துக்கு முந்தைய தொகை முழுவதும் ஊழியரின் சம்பளமாகவே இருந்தது. ஸ்ரீசிட்டியிலும் ரேணிகுண்டாவிலும் இருக்கும் தனியார் தொழிற்சாலைகள் சொல்லும் பேக்கேஜ் அப்படிப்பட்டதல்ல. ஓர் ஊழியரை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஒரு வருடத்தில் ஆகும் மொத்தச் செலவு அது. அந்தச் செலவில் ஒரு பகுதிதான் சம்பளம்.

டிப்ளமோவோ பி.டெக்கோ முடித்துச் சேரும் ஒருவருக்கு இந்த 4,20,000 எப்படிப் பிரியும் என்று ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாத சம்பளச் சீட்டில் வருபவை மூன்று: பேசிக் 15,000, வீட்டு வாடகைப்படி 6,000, சிறப்புப்படி 7,000. ஆக மொத்தச் சம்பளம் 28,000. பேக்கேஜின்படி வர வேண்டியதாக நாம் நினைத்த 35,000க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 7,000. இந்த 7,000 பிடித்தமே அல்ல. சம்பளச் சீட்டுக்கு அது வரவேயில்லை.

அதில் பெரிய பங்கு வேரியபிள் பே எனப்படும் ஊக்கத்தொகை. வருடத்துக்கு 36,000, மாதக் கணக்கில் 3,000. வேலைத் திறனையும் நிறுவனத்தின் லாபத்தையும் பார்த்து வருடக் கடைசியில் கொடுப்பார்கள். 36,000 என்பது முழு மதிப்பெண் கிடைத்தால் வரும் தொகை. அறுபது சதவீதம் என்று முடிவானால் 21,600தான். கொடுக்கும் தேதியில் வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். பிப்ரவரியில் வேலையை விட்டவருக்கு பதினோரு மாத உழைப்புக்கும் சேர்த்து ஒன்றும் வராமல் போகலாம். வருமா என்று உறுதியில்லாத ஒரு தொகையை பேக்கேஜில் முழுதாகக் கூட்டிக் காட்டுகிறார்கள்.

அடுத்தது பி.எஃபில் நிறுவனம் போடும் பங்கு. பேசிக் 15,000க்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். நிர்வாகக் கட்டணமும், பணியிலிருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பீட்டுக்கான சந்தாவும் சேர்ந்து இன்னொரு 150. பணிக்கொடைக்கு 721. பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் 800. மொத்தச் சம்பளம் 21,000ஐத் தாண்டுவதால் இவருக்கு ஈஎஸ்ஐ கிடையாது. நிறுவனம் எடுத்துத் தரும் குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 529. எல்லாம் கூட்டினால் சரியாக 7,000.

இனி, சம்பளச் சீட்டில் உண்மையாகவே பிடிப்பது என்ன? ஊழியரின் பி.எஃப் பங்கு 1,800. ஆந்திர அரசின் தொழில் வரி 200. அவ்வளவுதான். 28,000இல் 2,000 கழித்தால் 26,000.

வருமான வரி எங்கே? இவருக்கு அது பூஜ்யம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி முதல் 4 லட்சத்துக்கு வரியே இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவு உண்டு. 12 லட்சம் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியும் இருப்பதால், சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவர் 12,75,000 வரை வரி கட்ட வேண்டியதில்லை. வேரியபிள் பே முழுவதும் வந்தாலும் நம் இளைஞரின் சம்பளம் வருடத்துக்கு 3,72,000தான். வரி அதிகாரி இவர் பக்கம் திரும்பவே தேவையில்லை.

தொழில் வரி மட்டும் உண்மையான வரி. ஆந்திராவில் மாதச் சம்பளம் 15,000 வரை அது இல்லை. 20,000 வரை 150. அதற்கு மேல் 200. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் தினமும் ஸ்ரீசிட்டிக்கு வருகிறவர்களுக்கும் இதுவே பிடிக்கப்படும். தமிழ்நாட்டில் தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்பு வாங்குவதால், மாதாமாதம் பிடிப்பதைப் பார்த்து அவர்கள் குழம்புவது உண்டு. குழம்ப வேண்டியதில்லை. அது 200 ரூபாய் விஷயம்.

பழியை வரியின் மேல் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். முதல் நஷ்டம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடக்கிறது. “டாக்ஸ் மிச்சமாகும், ஒரு பாலிசி போடு” என்று ஏஜென்டோ உறவினரோ வருகிறார். வரி பூஜ்யமாக உள்ளவர் வரியை மிச்சப்படுத்த வருடத்துக்கு 30,000 ரூபாய் பிரீமியத்தில் பதினைந்து வருட பாலிசியில் கையெழுத்துப் போடுகிறார். அந்த பிரீமியத்துக்கான கழிவு பழைய வரிமுறையில்தான் உண்டு. அங்கேயும் அவருக்குக் கட்ட வரி இருந்தால்தானே கழிக்க முடியும்? இல்லாத வரிக்குப் பயந்து இருக்கிற ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் இழக்கிறார்.

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரிது. தவறான வேலையைத் தேர்ந்தெடுக்கிறார். அதே இளைஞருக்கு இன்னொரு நிறுவனம் 3,90,000 பேக்கேஜ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசிக், பி.எஃப், பணிக்கொடை, காப்பீடு எல்லாம் முன்போலவே. வேரியபிள் பே இல்லை, பஸ்ஸும் கேன்டீனும் பேக்கேஜில் சேர்க்கப்படவில்லை. மொத்தச் சம்பளம் 29,300 ஆகிறது. 2,000 கழித்தால் கையில் 27,300. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் தானே 800 செலவழித்தாலும் 26,500 நிற்கிறது. முப்பதாயிரம் குறைந்த பேக்கேஜில் மாதாமாதம் உறுதியாக 500 ரூபாய் அதிகம். ஆனால் கல்லூரி பேனரில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள், கல்யாணத் தரகரும் பெரிய எண்ணைத்தான் சொல்வார்.

மூன்றாவது நஷ்டம், உண்மையாகவே தப்பு நடக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாமல் போவது. நிறுவனம் தன் பி.எஃப் பங்கையும் சேர்த்து பேக்கேஜ் என்று சொல்வது ஒன்று; அந்தப் பங்கை ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிப்பது வேறொன்று. இரண்டாவதை பி.எஃப் திட்டத்தின் 31ஆம் பத்தி வெளிப்படையாகத் தடுக்கிறது. வேறு எந்த ஒப்பந்தம் இருந்தாலும் செல்லாது என்றே சொல்கிறது. 28,000 மொத்தச் சம்பளம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, பிடித்தப் பட்டியலில் பி.எஃப் 1,800க்குப் பதில் 3,600 இருந்தால், அந்த மாதம் 1,800 ரூபாய் போய்விட்டது என்று பொருள். எல்லாமே வரி என்று நம்புகிறவர் அந்த வரியைப் படிக்கவே மாட்டார்.

சரிபார்க்க வழி எளிது. யுஏஎன் எண்ணை வைத்து பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்தால் மாதத்துக்கு மூன்று தொகைகள் தெரியும்: ஊழியர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 550, ஓய்வூதியம் 1,250. பின்னிரண்டும் சேர்ந்ததுதான் நிறுவனத்தின் 1,800. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் பாஸ்புக்கில் மாதங்கள் காலியாக இருந்தால், அது புகார் செய்ய வேண்டிய விஷயம். நிறுவனப் பங்கில் 550தான் இருக்கிறது, மீதியை ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறவும் தேவையில்லை. அது ஓய்வூதிய நிதியில் இருக்கிறது.

‘பி.எஃபும் பணிக்கொடையும் பின்னால் உங்களுக்கே வருகிற பணம்தானே, பேக்கேஜில் சேர்த்தால் என்ன?’ என்று நிறுவனத்தார் கேட்பார்கள். பி.எஃப் விஷயத்தில் அவர்கள் சொல்வது நியாயம். அது ஊழியரின் பெயரில் வட்டியோடு வளர்கிறது. பணிக்கொடை விஷயத்தில் நியாயமில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடப் பணி முடிந்தால்தான் அது கிடைத்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக நியமிக்கப்படுவோருக்கு இதை ஒரு வருடமாகக் குறைத்தது. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் நீடிக்கிறது. மூன்று வருடத்தில் வேலை மாறும் நிரந்தர ஊழியருக்கு வருடத்துக்கு 8,652 வீதம் பேக்கேஜில் காட்டப்பட்ட 25,956 ரூபாயில் ஒரு பைசா வராது. வராமல் போகக்கூடிய தொகையை வருடாவருடம் கொடுப்பதாகக் காட்டுவது நேர்மையல்ல.

எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பு எச்.ஆரிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்க வேண்டும். மாத மொத்தச் சம்பளம் எவ்வளவு? அதில் என்னென்ன பிடித்தம், எவ்வளவு? வேரியபிள் பே எப்போது, எந்த நிபந்தனையில் வரும், போன வருடம் சராசரியாக எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்? நிறுவனப் பி.எஃப் பங்கு மொத்தச் சம்பளத்துக்கு வெளியே இருக்கிறதா? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் பேக்கேஜ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

சித்தூர், திருப்பதிக் கல்லூரிகளுக்கும் ஒரு கோரிக்கை. வேலைவாய்ப்பு பேனரில் லட்சக் கணக்கை அச்சடிக்கும் இடத்தில், மாதம் கையில் வரும் உறுதியான தொகையையும் அச்சடியுங்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோர் தவணை கட்டப் போவது அந்தத் தொகையிலிருந்துதான்.