மாவின் மேல் பழி

கோலம் அழிஞ்சிடும், அதனால் கலை வரலாற்றில் இடமில்லையாம். சோல் லெவிட் 1968 முதல் சுவரில் ஓவியம் செய்தார். கண்காட்சி முடிந்ததும் வெள்ளையடித்துவிடுவார்கள். அருங்காட்சியகம் வாங்குவது செய்முறைக் குறிப்பையும் சான்றிதழையும்தான். வரைவது பெரும்பாலும் உதவியாளர்கள். அவருக்கு வரலாற்றில் இடமிருக்கிறது.

சிக்குக்கோலமும் செய்முறைதானே? புள்ளி வை, சுற்றிக் கம்பியை வளை, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர். சிக்காமல் ஒரு புள்ளி வெளியே நின்றால், எங்கோ தப்பு. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்துக்குக் கணினி இலக்கணமே எழுதினார்கள். காலடியில் அழிவது மாவு மட்டும். செய்முறை மறுநாள் விடியலில் திரும்ப வரும்.

அப்போ எது குறை? கையெழுத்தும் சான்றிதழும். வாசலில் குனிந்து வரைந்தவளிடம் யாரும் பேர் கேட்கலை. பழியை மட்டும் மாவின் மேல் போடுகிறார்கள்.